கண்காட்சி ஸ்டால் பட்ஜெட்: இடவாடகை முதல் ஆர்டர் வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே வரும் பதில்கள் எல்லாம் ஒரே உதாரணத்தைச் சுற்றி வருகின்றன. துணிப்பை தைத்து மொத்தமாக விற்கும் ஒரு சிறு பட்டறை, வேறு ஊரில் நடக்கும் மூன்று நாள் வர்த்தகக் கண்காட்சியில் முதன்முறையாக ஸ்டால் போடுகிறது. ஸ்டால் மூன்றுக்கு மூன்று மீட்டர், அதாவது 9 சதுர மீட்டர். பணத்தை எந்த நாணயத்திலும் சொல்லாமல், இடவாடகையை 100 பங்கு என்று வைத்துக்கொள்கிறேன். மற்ற எண்கள் எல்லாம் அந்த 100-ஐ ஒட்டியவை. உங்கள் வாடகையை 100 என்று போட்டுப் பார்த்தால் உங்கள் கணக்கு வந்துவிடும். எண்கள் உதாரணத்துக்கு வைத்தவை, எந்தெந்தத் தலைப்பில் செலவு வருகிறது என்பதுதான் முக்கியம்.

இடவாடகை எவ்வளவு என்று தெரிந்துவிட்டது. மொத்தச் செலவு எவ்வளவு ஆகும்?

வாடகையைப் போல மூன்று மடங்கு என்பது இந்தத் தொழிலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. முதல் தடவை போகிறவர்களுக்கு அது கொஞ்சம் தாண்டும். எங்கள் பட்டறைக் கணக்கு இப்படி நிற்கிறது:

- இடவாடகை 100, அதன் மேல் வரி, பதிவுக் கட்டணம், கட்டாயக் காப்பீடு 24
- அலங்காரம், விளக்கு, மின்சாரம், பேனர் 62
- சாம்பிள் 38
- இரண்டு பேரின் பயணம், தங்கல், சாப்பாடு 78
- சரக்கு போக, வர 18
- கண்காட்சி முடிந்தபின் சாம்பிள் அனுப்ப 20

கூட்டினால் 340. எதிர்பாராத செலவுக்குப் பத்து சதவீதம், 34. ஆக 374. இந்த எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதி வையுங்கள், கடைசியில் திரும்ப வேண்டியிருக்கும்.

பலர் கடைசி வரியை எழுதுவதே இல்லை. ஸ்டாலைக் கழற்றியதும் செலவு முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் கண்காட்சியில் கேட்டவருக்கு சாம்பிள் போய்ச் சேராவிட்டால், அந்த 20 போக மீதி 354-ம் வீண்தான்.

வாடகைக்குள் என்னென்ன வரும்? ஷெல் ஸ்கீம் எடுப்பதா, வெறும் இடம் எடுப்பதா?

9 சதுர மீட்டருக்கு ஷெல் ஸ்கீம்தான். அலுமினியச் சட்டத்தில் மாட்டிய பலகைச் சுவர், முகப்பில் கம்பெனி பெயர்ப் பலகை, கார்பெட், ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சில ஸ்பாட்லைட், ஒரு பிளக் பாயின்ட் என்று கொடுப்பது வழக்கம். வெறும் இடம் என்றால் தரை மட்டும்தான் உங்களுடையது. சுவரிலிருந்து மின்கம்பி வரை ஒப்பந்தக்காரரை வைத்துக் கட்ட வேண்டும். சதுர மீட்டர் விலை குறைவாகத் தெரிந்தாலும், சின்ன ஸ்டாலுக்குக் கட்டும் செலவு அந்த மிச்சத்தை விழுங்கிவிடும். வெறும் இடத்தைச் சிறிய அளவில் கொடுக்காத கண்காட்சிகளும் நிறைய.

ஷெல் ஸ்கீமிலும் மூன்று விஷயத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிளக் பாயின்ட் எந்த மூலையில், எத்தனை வாட் தாங்கும், இரவில் மின்சாரம் இருக்குமா என்பது ஒன்று. பலகையில் ஆணி, ஸ்க்ரூ அடிக்கலாமா என்பது இரண்டாவது. பெரும்பாலும் கூடாது, சங்கிலியும் கொக்கியும்தான் வழி. டபுள் சைடு டேப் ஒட்டிக் கறை விட்டால் பலகைக்கான பணத்தை டெபாசிட்டில் பிடித்துக்கொள்வார்கள். மூன்றாவது, கூடுதல் விளக்கு, மின்சாரம், ரேக் இவற்றை எந்தத் தேதிக்குள் கேட்க வேண்டும் என்பது. தேதி கடந்தால் அதே பொருளுக்குக் கூடுதல் கட்டணம்.

நான் போட்ட முதல் ஸ்டாலில் இதைக் கேட்கவில்லை. பிளக் பாயின்ட் இடது பின் மூலையில் இருந்தது, அதற்கு முன்னால் ரேக்கை நிறுத்திவிட்டோம். கதவு திறக்க அரை மணி நேரம் இருக்கும்போது ரேக்கை நகர்த்தி, தரையில் வயர் இழுத்து, வருகிறவர் கால் தடுக்காமல் இருக்க டேப் வாங்க ஓடினோம். முதல் நாள் காலையில் வந்த ஆட்கள் எங்கள் முதுகைத்தான் பார்த்தார்கள்.

இரண்டு பக்கம் திறந்த கார்னர் ஸ்டாலுக்குக் கூடுதல் கொடுக்கலாமா?

முதல் தடவை வேண்டாம். கார்னர் எடுத்தால் ஒரு சுவர் போய்விடும், பை மாதிரி தொங்கவிடும் சரக்குக்குச் சுவர்தான் கடை. நுழைவாயிலிலிருந்து மூன்றாவது நான்காவது வரிசை, நடுவழி ஓரம் கிடைத்தால் போதும். வாசலுக்கு நேராக இருக்கும் முதல் ஸ்டாலை ஆட்கள் வேகமாகக் கடந்துவிடுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். வரைபடத்தில் தூண் எங்கே இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். ஸ்டாலுக்குள் தூண் வந்தாலும் வாடகை குறையாது.

அலங்காரத்துக்கு எவ்வளவு ஒதுக்குவது? பக்கத்து ஸ்டால்கள் பளபளவென்று இருக்குமே.

உதாரணத்தில் 62 பங்கு. அதில் பாதிக்கு மேல் வெளிச்சத்துக்கும் தொங்கவிடும் அமைப்புக்கும் போகட்டும். ஷெல் ஸ்கீமோடு வரும் விளக்கு சுவரின் மேல் பாதியில் விழும், துணியின் நெசவு தெரியாது. சரக்கின் மேல் நேராக விழும் நாலைந்து விளக்கு கூடுதலாகப் போட்டால், ஒப்பனைச் செலவில் வேறெதுவும் தராத வித்தியாசம் தெரியும்.

பேனர் அச்சடிக்கும்முன் ஒரு அளவு கவனிக்க வேண்டும். பலகையின் அகலம் பொதுவாக ஒரு மீட்டர் என்று சொல்வார்கள். ஆனால் இரண்டு ஓரமும் சட்டத்துக்குள் போய்விடுவதால் கண்ணுக்குத் தெரியும் அகலம் சில சென்டிமீட்டர் குறையும். சரியாக ஒரு மீட்டருக்கு அச்சடித்தவர்கள், கடைசி எழுத்தைச் சட்டத்தின் மேல் மடித்து ஒட்டியிருப்பதை ஒவ்வொரு கண்காட்சியிலும் பார்க்கலாம். அப்புறம், தேதியையும் கண்காட்சிப் பெயரையும் பேனரில் போடாதீர்கள். அது இல்லாவிட்டால் அதே பேனர் அடுத்த இரண்டு மூன்று ஸ்டாலுக்கு வரும், இந்த வரியின் செலவு அடுத்த தடவை பாதியாகும்.

எத்தனை சாம்பிள் கொண்டுபோவது? கேட்கிறவர்களுக்கெல்லாம் கொடுக்கலாமா?

எட்டு மாடல், மாடலுக்கு மூன்று. இரண்டு தொங்கும், ஒன்று பெட்டிக்குள் பூட்டி இருக்கும். மொத்தம் 24 பை. இது 38 பங்கா என்று தோன்றும். சாம்பிள் பையை மொத்த உற்பத்தி விலையில் கணக்கிட முடியாது. ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனி அச்சுச் சட்டம் வேண்டும், துணியைக் கையால் வெட்ட வேண்டும், தையல்காரர் வழக்கமான வேலையை நிறுத்தித் தைக்க வேண்டும். ஒற்றைப் பை விலை மொத்த விலையின் இரண்டு மூன்று மடங்குக்குப் போவது சாதாரணம்.

பையைக் கொடுக்காமல், சின்னத் துணித்துண்டு ஒட்டிய அட்டையைக் கொடுங்கள். மாடல் எண், துணியின் எடை, அளவு, குறைந்தபட்ச ஆர்டர், உங்கள் போன் எண், அவ்வளவுதான். விலை வேண்டாம். அந்த அட்டை மேசையில் கிடந்தாலும் நெசவு உங்களை ஞாபகப்படுத்தும்.

மாடல் எண் தைத்த சின்ன லேபிள் ஒவ்வொரு சாம்பிளிலும் இருக்க வேண்டும். ஒருமுறை ஒருவர் பையை வாங்கி, உள்பக்கத்தை வெளியே திருப்பி, அடித்தையலை விரலால் இழுத்துப் பார்த்தார். பிறகு, "இதே தையல், இதே துணி, ஐயாயிரம். எத்தனை நாள்?" என்றார். வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரி இருந்த மூன்று பைகளில் அது எது என்று எங்களுக்கே தெரியவில்லை, துணி எடை மூன்றிலும் வேறு. தோராயமாக ஒரு விலை சொன்னோம். ஊருக்குத் திரும்பிக் கணக்குப் பார்த்தபோது அந்த விலைக்குக் கொடுக்க முடியாது என்று தெரிந்தது.

பெட்டியில் பூட்டிய தொகுப்பை விற்காதீர்கள், கொடுக்காதீர்கள். கடைசி நாள் மாலை, ஸ்டாலைக் கழற்றும் நேரத்தில் தொங்கும் சாம்பிள்களை எல்லோரும் கேட்பார்கள், கொடுக்கவும் மனசு வரும். பிறகு ஆர்டர் கொடுப்பவர் "கண்காட்சியில் பார்த்த மாதிரியே" என்று கேட்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க உங்களிடம் ஒன்றும் இருக்காது.

கண்காட்சி வெளிநாட்டில் என்றால் சாம்பிளுக்கு வரி கட்ட வேண்டுமா?

காட்டிவிட்டுத் திருப்பி எடுத்து வரும் பொருளுக்கு ஏடிஏ கார்னெட் என்ற தற்காலிக இறக்குமதிப் புத்தகம் உண்டு. அதை ஏற்கும் நாடுகளுக்கு அதை வைத்து வரி இல்லாமல் கொண்டுபோகலாம். அதிகபட்சம் ஒரு வருடம் செல்லும், எடுக்கும்போது பிணைத்தொகை கட்ட வேண்டும். அங்கேயே இலவசமாகக் கொடுத்துவிடும் பொருள், விற்கும் பொருள், கரைந்து தீரும் பொருள் இதில் வராது. ஆகவே அட்டைகளைத் தனிப் பட்டியலிலும் பைகளைத் தனிப் பட்டியலிலும் போடுங்கள். புத்தகத்தில் எழுதிய 24-இல் ஒன்று திரும்பி வராவிட்டாலும் அதற்கு வரி கேட்பார்கள்.

எத்தனை பேர் போக வேண்டும்? ஒருவர் போதாதா?

இரண்டு பேர். ஒருவர் மட்டும் என்றால் சாப்பிடப் போகும் அரை மணியில் ஸ்டால் காலி. மூன்றாமவர் வந்தால் 9 சதுர மீட்டரில் ரேக், மேசை போக நிற்க இடம் இருக்காது, வருகிறவர் வாசலிலேயே தயங்குவார். இருவரில் ஒருவர் விலை சொல்லும் அதிகாரம் உள்ளவராக இருக்க வேண்டும். "ஓனரிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்று மூன்று நாளும் சொல்லிக்கொண்டிருந்தால் பயணச் செலவில் பாதி தண்டம்.

78 பங்கில் ஐந்து இரவுத் தங்கல் இருக்கிறது. கண்காட்சி மூன்று நாள்தானே என்று மூன்று இரவுக்கு ரூம் போடுவது பழைய தப்பு. ஸ்டால் ஒப்படைப்பது முதல் நாளுக்கு முந்தைய நாள், அன்று காலையிலேயே இருக்க அதற்கும் முந்தைய இரவு போய்ச் சேர வேண்டும். கடைசி நாள் மாலை மூடியபிறகுதான் கழற்ற விடுவார்கள், சரக்கு வண்டி வர இரவாகும். பட்டறையில் இவர்கள் இல்லாத நாட்களுக்கு வைக்கும் மாற்று ஆளின் கூலியும் இதில்தான்.

எத்தனை ஆர்டர் வரும் என்று எப்படி எழுதுவது? ஆசைப்பட்ட எண்ணைப் போடுவதைத் தவிர வழி இருக்கிறதா?

இருக்கிறது. கூட்டத்தை எண்ணாதீர்கள், உங்கள் ஆட்களின் நேரத்தை எண்ணுங்கள். கண்காட்சிக்கு எத்தனை ஆயிரம் பேர் வருவார்கள் என்பது ஏற்பாட்டாளர் சொல்லும் எண். உங்கள் ஸ்டாலில் பேச முடிந்தவர்கள் எத்தனை பேர் என்பதை இரண்டு வாய்களும் கடிகாரமும்தான் முடிவு செய்கின்றன.

தினமும் எட்டு மணி நேரம் திறந்திருந்தாலும், வாங்குகிறவர்கள் நடமாடுவது ஐந்து மணி நேரம் என்று வைப்போம். மூன்று நாளுக்கு 15 மணி. ஒருவரிடம் பத்து நிமிடம் பேசி, ஐந்து நிமிடம் நோட்டில் எழுதினால் மணிக்கு நான்கு பேர். இரண்டு பேருக்கு 15 மணியில் 120 பேர். இதுதான் உச்சவரம்பு. இடைவெளி, வெட்டிப்பேச்சு எல்லாம் கழித்து 90 என்று எழுதுகிறோம்.

இந்த 90-இல் மூன்றில் இரண்டு பங்கு வாங்க வந்தவர்கள் இல்லை. உங்களுக்கே அட்டைப்பெட்டி விற்க வந்தவர், விலை தெரிந்துகொள்ள வந்த போட்டியாளர், மாணவர், வீட்டுக்கு ஒரே ஒரு பை கேட்பவர். மிச்சம் 30. அதில் பாதிப்பேர், 15 பேர், சாம்பிள் அனுப்பச் சொல்வார்கள். அந்தப் 15-இல் சோதனை ஆர்டர் வரை வருவது 6 என்று வைக்கிறோம். சராசரி சோதனை ஆர்டர் 85 பங்கு என்றால் மொத்தம் 510.

உங்கள் விகிதங்கள் வேறாக இருக்கும். எழுதி வைத்தால் அடுத்த வருடம் உங்கள் சொந்த விகிதமே கையில் இருக்கும், என் எண்ணை மறந்துவிடலாம்.

510-க்கு ஆர்டர், செலவு 374. அப்படியானால் முதல் கண்காட்சியிலேயே லாபம்தானே?

இல்லை. இங்கேதான் பெரும்பாலான பட்ஜெட் வழுக்கி விழுகிறது. 510 என்பது விற்பனை. துணி, நூல், அச்சு, தையல் கூலி, பேக்கிங், வண்டி எல்லாம் கழித்து இந்தப் பட்டறைக்கு நூற்றுக்கு 22 நிற்கிறது. 510-இல் நிற்பது 112 மட்டும். 374-ஐ எடுக்க வேண்டுமானால் 374-ஐ 0.22-ஆல் வகுத்த அளவு விற்க வேண்டும், அதாவது 1700. இடவாடகையைப் போல பதினேழு மடங்கு.

இனி மறு ஆர்டரைச் சேர்ப்போம். ஆறு பேரில் மூன்று பேர் நிலைத்து, வருடத்துக்கு இரண்டு தடவை 130 பங்கு அளவில் எடுக்கிறார்கள் என்றால் 780. முதல் வருட மொத்தம் 1290, கையில் நிற்பது 284. இன்னும் 90 பங்கு குறைகிறது. அதே மூவர் அதே வேகத்தில் எடுத்தால் இரண்டாவது வருடத்தின் நடுவில்தான் கணக்கு சமமாகிறது.

ஆக, இந்தக் கணக்கில் கண்காட்சி ஒன்றரை வருடத்தில் திரும்பும் முதலீடு. மறுபடி மறுபடி வாங்கும் சரக்காக இருந்தால் போகலாம். ஒருமுறை வாங்கினால் பத்து வருடம் வராத சரக்கு என்றால், ஒரே ஆர்டரில் நிற்கும் மார்ஜின் பெரியதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நான் போக வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஏற்கெனவே உங்களிடம் வாங்குகிறவர் ஸ்டாலுக்கு வந்து ஆர்டர் கொடுத்தால் அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவர் போனிலேயே கொடுத்திருப்பார்.

செலவு கை மீறுகிறது. எதை வெட்டலாம்?

எடுத்த எடுப்பில் எல்லோரும் அலங்காரத்தைத்தான் வெட்டுகிறார்கள். சரி, 62-ஐ 40 ஆக்கினால் மிச்சம் 22. நிலைத்த வாடிக்கையாளர் ஒருவர் கூடினால் என்ன ஆகும் என்று பாருங்கள். அவருடைய சோதனை ஆர்டர் 85, மறு ஆர்டர் 260, மொத்தம் 345-இல் நிற்பது 76. ஒரே ஆள் அந்த வெட்டைப் போல மூன்று மடங்குக்கு மேல் தருகிறார்.

அதனால் வெட்டக் கூடாத வரி, எல்லோரும் முதலில் மறக்கும் அந்த 20 பங்கு கொரியர்தான். வெட்ட வேண்டுமென்றால் கார்னர், கூடுதல் நாற்காலி, வழவழப்பான கேட்லாக் இவற்றில் கை வையுங்கள். கேட்லாக்கில் பாதி, மூடும் நாளில் நடைபாதையில் கிடக்கும். பயணத்தில் வெட்டுவதானால் ரூமின் தரத்தைக் குறைக்கலாம், ஆனால் தூரத்தைக் கூட்டாதீர்கள். காலையில் ஒரு மணி நேரம் பஸ்ஸில் நின்று வந்தவர் மாலையில் சிரித்த முகமாக இருக்க மாட்டார்.

கையில் எவ்வளவு பணம் இருந்தால் துணியலாம்?

374 இருந்தால் போதாது. ஸ்டால் பணம் எல்லாம் ஆர்டருக்கு முன்பே போய்விடும், வாடகை புக்கிங்கின்போதே பாதி கேட்பார்கள், ரத்து செய்தால் பெரும்பாலும் திரும்பாது. அதன்பிறகு ஆறு சோதனை ஆர்டரைத் தைத்து அனுப்ப 510-இன் 78 சதவீதம், சுமார் 398 பங்கு, உங்கள் கையிலிருந்து போக வேண்டும். 30 சதவீதம் அட்வான்ஸ் வாங்கினால் 153 வரும், மீதி 245 உங்களுடையது. 374-ஓடு சேர்த்தால் 619. வாடகையைப் போல ஆறு மடங்கு.

ஆறு ஆர்டரும் ஒரே வாரத்தில் வராது என்பதால் நெருக்கடி கொஞ்சம் தளரும். ஆனால் அட்வான்ஸ் இல்லாமல், சரக்கு கிடைத்து அறுபது நாளில் பணம் என்று ஒத்துக்கொண்டால், ஆர்டர் வந்ததே சுமையாகிவிடும். ஸ்டாலில் நிற்கிறவர் அட்வான்ஸ் எவ்வளவு என்பதை முதல் நாளே மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

கண்காட்சி முடிந்தபின் கணக்கு சரியா என்று எப்போது தெரியும்?

மூன்று தடவை பாருங்கள். முதலில், ஸ்டாலிலேயே, தினமும் மூடும் நேரத்தில். விசிட்டிங் கார்டு சேர்த்த பெட்டியை நம்பாமல், ஒரு ஆளுக்கு ஒரு பக்கம் என்று நோட்டு வையுங்கள்: எந்த மாடலைத் தொட்டார், எத்தனை கேட்டார், எப்போதுக்கு, நீங்கள் சொன்ன விலை, அனுப்புவதாகச் சொன்னது. ஓரத்தில் சூடு, இளஞ்சூடு, ஆறியது என்று ஒரு வார்த்தை. இரண்டாம் நாள் மாலைக்குள் "சூடு" பத்தைத் தொடவில்லை என்றால் 15 சாம்பிள் என்ற எண் வராது, மூன்றாம் நாள் மேசைக்குப் பின்னால் உட்கார்வதை நிறுத்திவிட்டு வாசலில் நில்லுங்கள்.

அடுத்து, ஒரு மாதம் கழித்து. சாம்பிள் போனவர்களில் எத்தனை பேர் பதில் சொன்னார்கள் என்று எண்ணுங்கள். திரும்பி வந்த முதல் வாரத்திலேயே சாம்பிள் அனுப்பியிருந்தால் இந்த எண் நன்றாக இருக்கும். மூன்றாவது வாரம் அனுப்பியிருந்தால் உங்களை அடையாளம் தெரியாமல் "எந்தக் கம்பெனி?" என்று கேட்பார்கள்.

மூன்றாவதாக, ஒரு வருடம் கழித்து, 1290 எங்கே நிற்கிறது என்று. அடுத்த கண்காட்சிக்கான புக்கிங் அழைப்பு பெரும்பாலும் இதற்கு முன்பே, சில சமயம் ஸ்டாலில் நிற்கும்போதே, சலுகை விலையோடு வந்துவிடும். அந்தச் சலுகை 10 சதவீதம் என்றால் மிச்சமாவது 10 பங்கு. மறு ஆர்டர் வருகிறதா என்று தெரியாமல் அந்தப் பத்துக்காக 374-ஐத் திரும்ப எழுதிக்கொடுக்க மாட்டேன். ஒரு மாதக் கணக்காவது கையில் வரட்டும் என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.